விண்ணப்பக் கடிதத்தின் மூன்றாவது பத்தி: எந்த ப்ராஜெக்டை வைப்பது, எதை வெட்டுவது

வேலைக்கு ஆள் எடுக்கும்போது வரும் விண்ணப்பக் கடிதங்களைப் படித்துப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. எல்லாம் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு, அதுவும் இப்போதுதான் படிப்பை முடித்தவர்கள் அனுப்புபவை. முதல் பத்தியில் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று இருக்கும். இரண்டாவதில் படிப்பு. மூன்றாவது பத்தி "ஓய்வு நேரங்களில்" என்று தொடங்கும். அனுபவம் இல்லாதவர்கள் பெரிதும் நம்பியிருப்பது அந்தப் பத்தியைத்தான். நான் அதிகம் தாண்டிப் போனதும் அதைத்தான். தாண்டாமல் நின்று, திரும்ப ஒருமுறை படித்த கடிதங்களும் உண்டு. அண்மையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கடிதத்தைச் சேர்ந்து உட்கார்ந்து திருத்தினோம். அதை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

அவளுடைய மூன்றாவது பத்தியில் நான்கு விஷயங்கள் இருந்தன. டேட்டா போட்டிகள் நடத்தும் காகிள் தளத்தில் டைட்டானிக் டேட்டாவை வைத்துச் செய்த ஒரு ப்ராஜெக்ட். மூன்று ஆண்டுகளாகப் பறவை பார்ப்பது. ஒரு வாசகர் வட்டத்தின் புத்தக இரவல் கணக்கைப் பார்த்துக்கொள்வது. புகைப்படம் எடுப்பது.

"அக்கா, கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டுது. பறவையை வெட்டிடட்டுமா? அது சும்மா பொழுதுபோக்குதானே. டைட்டானிக்தான் உண்மையான ப்ராஜெக்ட்" என்றாள்.

கடைசியில் டைட்டானிக் போனது, பறவை நின்றது. எப்படி என்பதை நாங்கள் செய்த வரிசையிலேயே தருகிறேன். நீங்கள் விண்ணப்பிக்கும் வேலை வேறாக இருந்தாலும் இந்த வரிசை மாறாது.

முதலில் விளம்பரம், அப்புறம்தான் ப்ராஜெக்ட்

எல்லோரும் தங்கள் கையில் இருப்பதை முதலில் பட்டியல் போடுகிறார்கள். பிறகு அதை எப்படியாவது வேலையோடு ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள். ஒட்டாததெல்லாம் ஒட்டுவது போலத் தோன்றுவது இதனால்தான். பட்டியலை மூடி வைத்துவிட்டு வேலை விளம்பரத்தை எடுங்கள்.

அவள் எடுத்து வந்த விளம்பரத்தில் வேலையைப் பற்றி மூன்று வரி இருந்தது. பல இடங்களிலிருந்து வரும் டேட்டாவைச் சரிபார்த்து ஒன்றாக்க வேண்டும். வாரந்தோறும் ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும். எக்செலும் எஸ்க்யூஎல்லும் தெரிந்திருக்க வேண்டும். பைத்தான் தெரிந்தால் நல்லது.

இந்த வரிகள் தேவைகளாக எழுதப்பட்டிருந்தாலும், எழுதியவர் மனதில் இருப்பவை சந்தேகங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் அந்தச் சந்தேகத்தை உங்கள் சொல்லில் எழுதிப் பாருங்கள். அவள் எழுதியது இது: "டேட்டா தப்பா இருந்தா இவளுக்குத் தெரியுமா, இல்ல வந்ததை அப்படியே கூட்டிக் கொடுத்துடுவாளா?" அடுத்தது: "ஒரே அறிக்கையை நாற்பதாவது வாரமும் நேரத்துக்குக் கொடுப்பாளா?" கடைசி வரிக்கு: "எஸ்க்யூஎல் எழுத வருமா?"

இப்போது ரெஸ்யூமேயைப் பக்கத்தில் வைத்து, அது ஏற்கெனவே பதில் சொல்லிவிட்ட சந்தேகங்களை அடித்துவிடுங்கள். எஸ்க்யூஎல் அவள் படிப்பிலேயே ஒரு தாளாக இருந்தது, மதிப்பெண்ணும் இருந்தது. அந்தச் சந்தேகம் போயிற்று. மிச்சம் இரண்டு. மூன்றாவது பத்தி இருப்பது இந்த இரண்டுக்காக மட்டும்தான். எந்த ப்ராஜெக்ட் இதில் ஒன்றையாவது தொடுகிறதோ அதற்குக் கடிதத்தில் இடம் உண்டு. எதையும் தொடாதது எவ்வளவு பெரிய ப்ராஜெக்டாக இருந்தாலும் இடத்தை அடைக்கத்தான் வந்திருக்கிறது.

இந்த வேலைக்குப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனியாகச் செய்ய வேண்டும் என்பதுதான் சலிப்பு.

வரியை அழித்துப் பாருங்கள்

டைட்டானிக் பற்றி அவள் எழுதியிருந்தது: "டைட்டானிக் பயணிகளின் டேட்டாவைக் கொண்டு, யார் உயிர்பிழைப்பார்கள் என்று 78 சதவீதத் துல்லியத்துடன் கணிக்கும் மாடலை உருவாக்கினேன்."

நல்ல வரி போலத்தான் இருக்கிறது. இதை அழித்துவிட்டுக் கடிதத்தைப் படிக்கச் சொன்னேன். அழித்ததால் நம் இரண்டு சந்தேகங்களில் எதற்காவது பதில் குறைந்ததா? இல்லை. பைத்தான் தெரியும் என்பது மட்டும் குறைந்தது, அது ரெஸ்யூமேயில் வேறு இடத்தில் இருக்கிறது. அழித்த பிறகும் கடிதம் அதையே சொல்கிறது என்றால் அந்த வரி ஒட்டுப்போட்டது.

ஆனால் இந்த வரி வெறுமனே இடத்தை மட்டும் அடைக்கவில்லை, கொஞ்சம் கெடுதலும் செய்தது. டேட்டா வேலையில் இருப்பவர்கள் பலர் இதே பயிற்சியைத் தாங்களும் செய்தவர்கள். பயிற்சிக் கோப்பில் 891 பயணிகள், அவர்களில் 177 பேருக்கு வயது இல்லை என்பது வரைக்கும் சிலருக்கு நினைவிருக்கும். கணிக்க வேண்டியவர்கள் 418 பேர். விடையை எந்த வடிவத்தில் அனுப்ப வேண்டும் என்று காட்ட, காகிளே ஒரு மாதிரி விடைக்கோப்பு தருகிறது. அதில் மாடல் எதுவும் கிடையாது. பெண்கள் அனைவரும் பிழைத்தார்கள், ஆண்கள் அனைவரும் இறந்தார்கள் என்று மட்டும் இருக்கும். அதை அப்படியே திருப்பி அனுப்பினால் கிடைக்கும் மதிப்பெண் 0.76555. அதாவது 418-ல் 320 சரி.

அவள் மதிப்பெண் 0.77990. கணக்குப் போட்டால் 326 சரி. இத்தனை உழைப்புக்கும் பிறகு, ஒன்றுமே செய்யாத கோப்பைவிட ஆறு பயணிகள் கூடுதல்.

"ஆறு பேரா?" என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

கற்றுக்கொள்ள அது அருமையான பயிற்சிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடிதத்தில் 78 சதவீதம் என்று பெருமையாக எழுதும்போது, எதோடு ஒப்பிட்டு 78 என்பதை அவள் யோசிக்கவில்லை என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. 'வந்ததை அப்படியே கொடுத்துவிடுவாளா' என்ற சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய இடத்தில் அந்த வரி அதை வளர்த்துவிட்டது.

பயிற்சி ப்ராஜெக்ட் எல்லாமே வீண் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பாடத்தில் சொல்லாத இடத்தில் நீங்கள் ஒரு முடிவு எடுத்து, அதன் விளைவை அளந்திருந்தால் அந்த ஒரு முடிவைப் பற்றி எழுதலாம். வீடியோவைப் பார்த்து அதே வரிசையில் தட்டச்சு செய்ததை எழுதினால், படிப்பவர் அந்த வீடியோவைத்தான் பார்ப்பார்.

குணம் ஒன்றா, வேலை ஒன்றா

பொழுதுபோக்குகளைக் கடிதத்தில் சேர்க்கும்போது நடக்கும் பெரிய தவறு இதுதான். மாரத்தான் ஓடுகிறேன், ஆகவே விடாமுயற்சி உண்டு. சதுரங்கம் ஆடுகிறேன், ஆகவே தர்க்கமாக யோசிப்பேன். புகைப்படம் எடுக்கிறேன், ஆகவே கூர்ந்து கவனிக்கும் கண் உண்டு. படிப்பவர் இந்த 'ஆகவே'யை ஏற்றுக்கொள்வதில்லை. மாரத்தான் ஓடிவிட்டு மாதக் கடைசியில் அறிக்கை கொடுக்காதவரை அவரே பார்த்திருப்பார். பொழுதுபோக்கிலிருந்து ஒரு குணத்தை எடுத்து வேலைக்கு மாற்றிக் காட்டுவது எடுபடாது. பொழுதுபோக்கில் நீங்கள் செய்ததும் அந்த வேலையில் செய்யப்போவதும் ஒரே காரியமாக இருந்தால் எடுபடும்.

பறவையைப் பற்றி அவள் முதலில் எழுதியிருந்ததும் குணம்தான்: "பறவை பார்ப்பது எனக்குப் பொறுமையைக் கற்றுத்தந்தது." அதை வெட்டலாம் என்று அவள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் பார்த்ததையெல்லாம் எங்கே எழுதி வைக்கிறாய் என்று கேட்டபோதுதான் கதை மாறியது. அவள் மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு நடையையும் இபேர்ட் தளத்தில் செக்லிஸ்டாகப் பதிவு செய்து வந்திருக்கிறாள்.

இபேர்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்திவரும் தளம் அது. எந்தப் பறவை எத்தனை என்று மட்டும் அது கேட்பதில்லை. எப்போது தொடங்கினீர்கள், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எத்தனை பேர் என்றும் கேட்கும். கடைசியில், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா, சிலவற்றை மட்டும் எழுதினீர்களா என்று ஒரு கேள்வி. எல்லாவற்றையும் எழுதியிருந்தால்தான், பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்று சொல்ல முடியும். இல்லாவிட்டால் படவில்லையா, எழுத மறந்தாரா என்று யாருக்கும் தெரியாது. டேட்டா வேலையில் வெற்றுக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எழுகிற அதே கேள்வி.

இங்கே மூன்று கேள்விகளைப் பயன்படுத்துங்கள். எந்த ப்ராஜெக்டுக்கும் பொருந்துபவை, எழுதாமல் வாயால் பதில் சொல்ல வேண்டியவை. அதை வைத்து நீங்களாக எந்தக் கேள்விக்கு விடை தேடினீர்கள்? நடுவில் எது தப்பாகப் போயிற்று? தப்பு என்று எப்படித் தெரிந்தது? போனில் பதிவு போட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் பேசிப் பாருங்கள். இருபது விநாடியில் சொல் தீர்ந்து "அப்புறம்... நிறைய கத்துக்கிட்டேன்" என்று முடிந்தால் நேர்காணலிலும் அங்கேதான் முடியும்.

அவள் பேசியது மூன்று நிமிடத்தைத் தாண்டியது. வழக்கமாக நடக்கும் நீர்நிலை ஒன்றில் மீன்கொத்தி குறைந்துவிட்டதோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். முதல் ஆண்டு 180, இரண்டாம் ஆண்டு 116. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிவு. நண்பர்களிடமெல்லாம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாள். பிறகு தன் பதிவுகளை மொத்தமாக இறக்கிப் பார்த்தபோது, முதல் ஆண்டு நடைகள் சராசரி ஒரு மணி நேரமும் இரண்டாம் ஆண்டு நாற்பது நிமிடமும் இருந்தது தெரிந்தது. இரண்டு ஆண்டிலும் அறுபது நடை. அறுபது மணி நேரத்தில் 180 என்றால் மணிக்கு 3. நாற்பது மணி நேரத்தில் 116 என்றால் மணிக்கு 2.9. பறவை குறையவில்லை, இவள் நடந்த நேரம்தான் குறைந்திருந்தது.

"வேற எதாவது தப்பாச்சா?" என்று கேட்டேன்.

"எக்ஸ் போட்டிருந்ததை முதல்ல சைபர்னு மாத்திட்டேன் அக்கா."

இபேர்டில், பறவையைப் பார்த்தோம், ஆனால் எண்ணவில்லை என்றால் எண்ணிக்கைக்குப் பதிலாக X என்று எழுதலாம். இறக்கிய கோப்பில் அந்த எழுத்து எண்களுக்கு நடுவே அப்படியே நிற்கும், கூட்டல் போட விடாது. அவள் அவசரத்தில் எல்லா X-ஐயும் 0 ஆக்கிவிட்டாள். 'இருந்தது, எத்தனை என்று தெரியாது' என்பது 'இல்லவே இல்லை' என்று ஆகிவிட்டது. ஒரு நாள் குறிப்பில் "மீன்கொத்தி நிறைய" என்று அவளே எழுதியிருக்க, எண்ணிக்கையில் சைபர் நின்றதைப் பார்த்துத்தான் பிடித்தாள். பிறகு அத்தகைய நடைகளை, பறவை எண்ணிக்கையிலிருந்தும் நேரக் கணக்கிலிருந்தும் சேர்த்தே விலக்கினாள். மேலே சொன்ன அறுபது நடை, அப்படி விலக்கியது போக மிஞ்சியவை.

இதை நேரில் பார்க்க விரும்புபவர்களுக்கு, எத்தனை X இருக்கின்றன என்று எண்ண இவ்வளவு போதும்:

```python
import pandas as pd
d = pd.read_csv("MyEBirdData.csv")
print((d["Count"] == "X").sum())
```

நம் முதல் சந்தேகத்தை நினைத்துப் பாருங்கள்: டேட்டா தப்பாக இருந்தால் இவளுக்குத் தெரியுமா? தெரியும், தான் செய்த தப்பையே பிடித்திருக்கிறாள். இதை நிரூபிக்க வேறு ப்ராஜெக்ட் வேண்டியதில்லை. மூன்று ஆண்டாகக் கையில் வைத்துக்கொண்டே இதைப் 'பொறுமை' என்று ஒரு சொல்லில் முடித்திருந்தாள்.

தவறைச் சொல்வது தன்னைக் குறைத்துக் காட்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். தவறே நடக்காத ப்ராஜெக்டைப் படித்தால் எனக்கு, அதில் இவர் கை எவ்வளவு என்றுதான் சந்தேகம் வரும்.

படிப்பவர் திறந்தால் என்ன தெரியும்

இரண்டாவது சந்தேகம், வாராவாரம் தவறாமல் செய்வாளா என்பது. அதற்கு வாசகர் வட்டத்தின் இரவல் கணக்கு இருந்தது. நாற்பது உறுப்பினர்கள், இரண்டு அலமாரிப் புத்தகங்கள், ஒரு கூகுள் ஷீட். ஒவ்வொரு சனிக்கிழமையும் யார் எந்தப் புத்தகத்தைத் திருப்பவில்லை என்ற பட்டியலை எடுத்து மற்ற இரண்டு தன்னார்வலர்களுக்கு அனுப்புவாள். பதினான்கு மாதமாக நடக்கிறது. பட்டியலை எடுக்க ஒரு சின்ன பைத்தான் நிரலும் எழுதி, அதைக் கிட்ஹப்பில் போட்டிருந்தாள். நிரல் முப்பது வரிகூட இருக்காது. அதனால் இதைச் சொல்லவே அவளுக்குக் கூச்சம்.

நிரல் சின்னது என்பது இங்கே குறையே இல்லை. இன்னொருவர் அதை நம்பி இருந்தாரா, அவள் இல்லாதபோது என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி. தேர்வு நேரத்தில் இரண்டு வாரம் அவள் வரவில்லை. அவள் அரைப் பக்கத்தில் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்து வேறொருவர் பட்டியலை எடுத்திருக்கிறார். முதல் வாரம் அது ஓடவில்லை, ஏனென்றால் தேதியை நாள்-மாதம் என்று எழுதுவதா மாதம்-நாள் என்று எழுதுவதா என்பதைக் குறிப்பில் அவள் சொல்லவில்லை. இரண்டாம் வாரத்துக்குள் குறிப்பைத் திருத்திவிட்டாள். வாராந்தர அறிக்கை தயாரிக்கும் எந்தக் குழுவிலும் அன்றாடம் நடப்பது இது.

ஆனால் கடிதத்தில் இணைப்பு கொடுத்தால் படிப்பவர் சொடுக்குவார் என்ற எண்ணத்தோடுதான் கொடுக்க வேண்டும். அனுப்பும் முன், பிரவுசரில் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து, எதிலும் உள்நுழையாமல் ஒவ்வொரு இணைப்பையும் சொடுக்கிப் பாருங்கள். உங்களுக்குத் திறப்பது உங்கள் கணக்கில் இருப்பதால்தான். அவளுடைய கூகுள் ஷீட் எனக்கு 'அனுமதி கேளுங்கள்' என்றுதான் சொன்னது. ஒருவகையில் அது நல்லதாயிற்று, அதில் நாற்பது பேரின் பெயரும் போன் எண்ணும் இருந்தன.

கிட்ஹப்பில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பழைய உறுப்பினர் கோப்பு ஒன்றை நிரலோடு சேர்த்து ஏற்றிவிட்டு, பிறகு நினைவு வந்து நீக்கியிருந்தாள். நீக்கினாலும் பழைய கமிட்களில், அதாவது முன்பு சேமித்த நிலைகளில், அந்தக் கோப்பு அப்படியே இருக்கும், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஒரு கோப்பு எப்போதாவது உள்ளே இருந்ததா என்று அறிய, அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து இப்படிக் கேளுங்கள்:

```
git log --all -- members.csv
```

ஏதாவது வரி வந்தால் வரலாற்றில் இருக்கிறது என்று பொருள். இவ்வளவு சின்ன ப்ராஜெக்டுக்கு வரலாற்றைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நிரலை மட்டும் எடுத்து, கற்பனைப் பெயர்கள் கொண்ட மாதிரிக் கோப்போடு புதிய களஞ்சியம் ஒன்றைத் தொடங்கிவிட்டு, பழையதை அழித்துவிட வேண்டியதுதான். அவள் அன்றே செய்தாள். மற்றவர்களின் விவரங்களைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள வேண்டிய வேலைக்கு விண்ணப்பிப்பவர், அவற்றைப் பொதுவில் போட்டிருப்பதைப் படிப்பவர் கண்டால் மற்ற எதுவும் எடுபடாது.

குழுவாகச் செய்த ப்ராஜெக்டைக் காட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே உள்ள கட்டளை யார் பெயரில் எத்தனை கமிட் என்று காட்டும்.

```
git shortlog -sn HEAD
```

கமிட் எண்ணிக்கை உழைப்பின் அளவு ஆகாது. ஒருவர் கணினியில் எல்லோரும் சேர்ந்து எழுதியிருக்கலாம். ஆனால் "உருவாக்கினேன்" என்று கடிதத்தில் இருந்து, இங்கே உங்கள் பெயருக்கு எதிரில் 2 என்று இருந்தால் கேள்வி வரும். அப்படியானால் உங்கள் பங்கை அப்படியே சொல்லிவிடுங்கள்: "நான்கு பேர் செய்ததில் டேட்டாவைச் சுத்தம் செய்யும் பகுதி என்னுடையது." இதனால் மதிப்பு குறைந்த யாரையும் நான் பார்த்ததில்லை.

எழுதும்போது

இரண்டு சந்தேகம், இரண்டு பதில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாக்கியம். அவளுடைய மூன்றாவது பத்தி கடைசியில் இப்படி அமைந்தது:

"மூன்று ஆண்டுகளாக என் பறவைப் பதிவுகளை இபேர்ட் தளத்தில் சேர்த்து வருகிறேன். ஓரிடத்தில் மீன்கொத்தி ஓராண்டில் 180-லிருந்து 116-ஆகக் குறைந்தது போலத் தெரிந்தது. பார்த்த நேரத்தைக் கொண்டு கணக்கிட்டபோது மணிக்கு 3, 2.9 என்று ஏறக்குறைய மாறாமல் இருந்தது. எண்ணப்படாத பதிவுகளை முதலில் பூஜ்யமாக எடுத்துக்கொண்ட என் தவறையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன். ஒரு வாசகர் வட்டத்தின் இரவல் கணக்கைப் பதினான்கு மாதமாகப் பார்த்து, நிலுவைப் பட்டியலை வாரந்தோறும் அனுப்புகிறேன். நான் இல்லாத வாரங்களிலும் மற்றவர்கள் அதைத் தயாரிக்கும்படி செய்முறைக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்."

பொறுமை, ஆர்வம், கூர்மை போன்ற சொற்கள் இதில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றே தவிர்க்கவில்லை, நடந்ததைச் சொல்லி முடித்தபோது அவற்றுக்கு இடம் தேவைப்படவில்லை. எண்கள் வருகின்றன, ஆனால் அவை பெரிய எண்கள் அல்ல. ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடிகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல இடங்களில் கடிதத்தை யாரும் படிப்பதில்லை. படிவத்தை நிரப்பி ரெஸ்யூமேயை ஏற்றுவதோடு சரி. அதனால் இந்த இரண்டையும் ரெஸ்யூமேயிலும் தலா ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். விளம்பரம் மூன்று ஆண்டு அனுபவம் கட்டாயம் என்று சொன்னால், பறவைக் கணக்கு அந்த மூன்று ஆண்டை ஈடுகட்டாது. அனுபவம் இல்லாதவர்களையும் பார்ப்போம் என்று சொல்லும் வேலைகளில்தான் இந்தப் பத்திக்கு வலு.

புகைப்படம் ரெஸ்யூமேயின் கடைசி வரியில் ஒரே சொல்லாக நின்றது. கடிதத்தில் இல்லை. நேர்காணலின் தொடக்கத்தில் பேச்சை ஆரம்பிக்க யாராவது அதைப் பிடித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. டைட்டானிக் நோட்புக் கிட்ஹப்பிலேயே இருக்கிறது, ஆனால் முகப்பில் முன்னிறுத்திக் காட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள்.

சில பொழுதுபோக்குகள் புதிய சந்தேகத்தையே கொண்டுவந்துவிடும். மாலை நேரத்தில் வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்து சம்பாதிக்கும் பக்கத் தொழில் ஒன்று இருந்தால், திறமைக்கு அது நல்ல சான்றுதான். ஆனால் படிப்பவர் அடுத்து யோசிப்பது 'இங்கே வந்த பிறகும் அதைத் தொடர்வாரா, எங்கள் வேலையோடு மோதுமா' என்று. அதைச் சேர்ப்பதானால், தொடரப்போகிறீர்களா முடித்துவிட்டீர்களா என்பதையும் அரை வாக்கியத்தில் சொல்லிவிடுவது மேல்.

அடுத்த வாரம் அவள் வேறொரு விளம்பரத்தைக் கொண்டுவந்தாள். ஒரு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்குப் போனிலும் மின்னஞ்சலிலும் உதவும் வேலை. பழைய கடிதத்தையே அனுப்பிவிடலாமா என்று கேட்டாள். மறுபடியும் தாளை எடுத்துச் சந்தேகங்களை எழுதச் சொன்னேன். "விஷயம் தெரியாதவர் கோபமாகப் பேசினால் புரியவைப்பாளா?" என்பது முதலில் வந்தது. மீன்கொத்திக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. மொத்தமாக வெளியே போனது. அரைப் பக்கக் குறிப்பும், தேதி வரிசை குழம்பி "இது ஓடவே மாட்டேங்குது" என்று போன் செய்த அந்தத் தன்னார்வலரும் முதல் வாக்கியத்துக்கு வந்துவிட்டார்கள்.